நடந்தால் கால் கனக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது: முதுகெலும்புக் கால்வாய் குறுகல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசியோதெரபி என் வேலை. வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களும் அவர்களைக் கூட்டி வருகிற பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் காகிதத்தில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அப்பாவுக்குக் கால்லதான் கனம். டாக்டர் முதுகை ஸ்கேன் எடுக்கச் சொல்றார். கால் பிரச்சினைக்கு முதுகு எதுக்கு?

காலுக்குப் போகிற நரம்புகள் எல்லாம் இடுப்புக்கு மேலே, முதுகெலும்புக்குள்தான் கிளம்புகின்றன. எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருப்பதன் நடுவே ஒரு கால்வாய் மாதிரி இடம் ஓடுகிறது. நரம்புக் கற்றை அதற்குள்தான் இறங்குகிறது. வயது ஏற ஏற அந்த இடம் குறுகலாம். அதற்குத்தான் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் என்று பெயர். நரம்பு நசுங்குவது முதுகில் என்றாலும், அந்த நரம்பு போய்ச் சேருகிற பிட்டம், தொடை, கெண்டைக்கால் ஆகிய இடங்களில்தான் கனமும் மரப்பும் தெரியும். முதுகு வலியே இல்லாமல் கால் மட்டும் படுத்துகிறவர்களும் உண்டு.

குறுக்குவது ஒரே பொருள் இல்லை. முன்பக்கம் டிஸ்க் தேய்ந்து பிதுங்குகிறது. பின்பக்கம் சிறு மூட்டுகள் தேய்ந்து பருத்துவிடுகின்றன. கால்வாயின் பின்சுவரில் மஞ்சள் நிறத்தில் மீள்தன்மையுள்ள ஒரு நார் இருக்கிறது. அது தடித்து உள்ளே மடிகிறது. இவை மூன்றும் சேர்ந்து நெருக்குகின்றன. பெரும்பாலும் இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையில்தான் இது நடக்கும். ரிப்போர்ட்டில் எல்4-எல்5 என்று இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே கால்வாய் சற்று ஒடுக்கமாக அமைந்திருக்கும். அவர்களுக்குத் தொல்லை சீக்கிரமே வந்துவிடும்.

தண்டுவடம் நசுங்குதுன்னா பக்கவாதம் மாதிரி ஆயிடாதா?

இந்தப் பயம்தான் வீட்டில் எல்லோரையும் தூங்கவிடாமல் செய்கிறது. தண்டுவடம் முதுகெலும்பின் அடி வரைக்கும் போவதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்பு வேர்கள்தான், குதிரை வாலைப் போலக் கொத்தாகத் தொங்கும். குறுகல் வழக்கமாக வருகிற இடம் அதற்கும் கீழே. எனவே நசுங்குவது தண்டுவடம் அல்ல, இந்த வேர்கள்தான். இவை தண்டுவடத்தை விட நெருக்கத்தை நன்றாகத் தாங்கும்.

திடீரென்று கால் இரண்டும் விழுந்துவிடுவது மிக அரிது. லேசான, நடுத்தரமான குறுகல் உள்ளவர்களில் பெரும்பாலோர் வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப்பேர் வரை சற்றுத் தேறவும் செய்கிறார்கள். ஆனால் உடனே ஓட வேண்டிய சில அறிகுறிகள் இருக்கின்றன. அவற்றைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

உட்கார்ந்தா ரெண்டே நிமிஷத்துல சரியாயிடுது. நசுங்கியிருந்தா உட்கார்ந்தாலும் வலிக்கணும்ல?

கால்வாயின் அளவு ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதில்தான் இதற்கான பதில் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது இடுப்பு பின்னோக்கி வளைகிறது. அப்போது அந்த மஞ்சள் நார் தளர்ந்து, மடிந்து, உள்ளே துருத்துகிறது. டிஸ்கும் கொஞ்சம் பிதுங்குகிறது. உட்கார்ந்தால், குனிந்தால், இடுப்பு முன்னோக்கி வளைகிறது. நார் இழுபட்டு மெலிகிறது, இடம் கிடைக்கிறது. தொங்கும் சட்டைக் கையை நினைத்துக்கொள்ளுங்கள்: கையை நீட்டினால் சுருக்கம் போய்விடும், மடக்கினால் துணி உள்ளே குவியும்.

நடக்கும்போது இன்னொரு விஷயமும் சேருகிறது. வேலை செய்கிற நரம்புக்கு ரத்தம் கூடுதலாகத் தேவை. நெருக்கத்தில் நரம்பைச் சுற்றியுள்ள மெல்லிய சிரைகள் அழுந்தி ரத்தம் தேங்கிவிடுகிறது. புது ரத்தம் வரத் தடை. அதனால்தான் முதல் அடியிலேயே வராமல் சில நிமிடங்கள் கழித்துக் கனம் ஏறுகிறது. உட்கார்ந்ததும் தேக்கம் வடிகிறது, கால் லேசாகிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மணிக்கணக்கில் சைக்கிள் மிதிக்க முடிகிறவரால் பத்து நிமிடம் வரிசையில் நிற்க முடியாது. தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு போனால் கடை முழுக்கச் சுற்றலாம். மேட்டில் ஏறுவது சுலபம், இறங்குவது கஷ்டம். ஏறும்போது உடம்பு தானாக முன்னால் சாய்கிறது, இறங்கும்போது பின்னால் சாய்கிறது, அவ்வளவுதான்.

ரத்தக் குழாய் அடைப்புலயும் நடந்தா கால் வலிக்குமாமே. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நல்ல கேள்வி, மருத்துவர்களே தடுமாறுகிற இடம். நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கால் கனத்த பிறகு சும்மா நின்றால் சரியாகிறதா, உட்கார்ந்தால்தான் சரியாகிறதா? கால் ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் தசைக்கு ஓய்வு கிடைத்தாலே போதும், கடை வாசலில் நின்று பலகையைப் படித்துக்கொண்டிருந்தாலே வலி தணியும். முதுகுக் குறுகலில் நிற்பதே தொல்லை. உட்கார வேண்டும், அல்லது எதையாவது பிடித்துக் குனிய வேண்டும்.

அடைப்பு வலி பெரும்பாலும் கெண்டைக்காலில் பிடிப்பாக வரும், சைக்கிளிலும் வரும், மேடு ஏறினால் அதிகமாகும். பாதம் சில்லென்று இருக்கலாம், புண் ஆற நாளாகலாம். உறுதி செய்ய எளிய சோதனை உண்டு. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ரத்தக் குழாய் கெட்டிப்பட்டு இந்த எண் பொய்யாக அதிகமாகக் காட்டலாம். அப்போது டாப்ளர் ஸ்கேன் பார்ப்பார்கள். வயதானவர்களுக்கு இரண்டுமே சேர்ந்து இருப்பதும் உண்டு. புகைபிடித்தவர், சர்க்கரை உள்ளவர் என்றால் முதுகு ஸ்கேனில் குறுகல் தெரிந்தாலும் கால் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கு. பாதம் எரியுது, மரத்துப் போகுது. அதுவும் இதுவும் ஒண்ணா?

இரண்டும் வேறு. சர்க்கரையால் நரம்பு கெடும்போது பாதத்தில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி இரண்டு கால்களிலும் சமமாக மேலேறும். ராத்திரி படுத்திருக்கும்போதும் எரியும். நின்றாலும் உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. குறுகலின் அடையாளம் நிலை மாறும்போது தொல்லையும் மாறுவது. எரிச்சல் நாள் முழுக்க, கனம் நடக்கும்போது மட்டும் என்றால் இரண்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைந்துபோவது உண்டு.

டாக்டர் படுக்க வச்சு காலைத் தூக்கிப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். ஆனா நடக்க முடியலையே?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். படுத்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் கால்வாய் திறந்திருக்கிறது. பலம், உணர்ச்சி, சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுவது எல்லாம் பெரும்பாலும் நார்மலாக வரும். காலை நேராகத் தூக்கும் சோதனை டிஸ்க் பிதுங்கலுக்கானது, இதில் அது பெரும்பாலும் வலிக்காது. தொல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் அவரை நடக்க வைத்துப் பார்க்க வேண்டும். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அதற்கு யாருக்கு நேரம்?

ஆகவே வேலையை நீங்களே செய்துகொண்டு போங்கள். சமதளத்தில், வழக்கமான வேகத்தில், எதையும் பிடிக்காமல் நடக்கச் சொல்லி கடிகாரத்தில் பாருங்கள். கனம் தொடங்கிய நிமிடம், உட்கார்ந்தே ஆக வேண்டிய நிமிடம், உட்கார்ந்தபின் தெளிய எடுத்த நேரம், மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வெவ்வேறு நாட்கள் குறித்த தாள் ஒன்று இருந்தால் மருத்துவருக்கு அது பாதி நோயறிதல். பின்னால் வைத்தியம் பலித்ததா என்று பார்ப்பதற்கும் இந்த எண்கள்தான் அளவுகோல். இந்தப் பக்கத்தில் இனி "நடை நேரம்" என்று சொல்வது இதைத்தான்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ல "சிவியர் ஸ்டெனோசிஸ்"னு போட்டிருக்கு. உடனே ஆபரேஷனா?

இல்லை. அந்தச் சொல் படத்தைப் பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல. எந்தத் தொல்லையும் இல்லாத வயதானவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்குக் கால்வாய் குறுகியிருக்கும். சிவியர் என்று எழுதப்பட்டவர் தோட்ட வேலை செய்துகொண்டிருப்பார். மாடரேட் என்று எழுதப்பட்டவர் வாசலைத் தாண்ட மாட்டார். எனக்கு இரண்டு பேரையும் தெரியும்.

ஸ்கேன் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து எடுக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அதாவது கால்வாய் கொஞ்சம் வசதியாக இருக்கும் நிலையில். நின்றால் இன்னும் குறுகும். ஓர் எலும்பு இன்னொன்றின்மேல் சற்று முன்னால் நழுவியிருந்தால் அது படுத்த நிலையில் சரியாகிப் படத்தில் தெரியாமலும் போகலாம். அதனால்தான் நிற்க வைத்து, குனிந்தும் நிமிர்ந்தும் சாதாரண எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். பழைய முறை என்று அதைத் தள்ள வேண்டாம்.

ரிப்போர்ட்டில் குறுகல் இருக்கிற இடமும், தொல்லை இருக்கிற காலும், உட்கார்ந்தால் தெளிகிற கதையும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. ஊசி, ஆபரேஷன் பற்றி யோசிக்காத வரை எம்.ஆர்.ஐ. அவசரமே இல்லை. உடனே ஓட வேண்டிய அறிகுறி இல்லாதவருக்குக் கதையை வைத்தே வைத்தியத்தைத் தொடங்கலாம்.

கூனிக் கூனி நடக்கிறார். நிமிர்ந்து நடங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டோம்.

தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அவர் சோம்பலில் கூனவில்லை, நரம்புக்கு இடம் கொடுக்கத்தான் உடம்பு கண்டுபிடித்த வழி அது. நிமிரச் சொன்னால் நடை நேரம் குறையும். கைப்பிடியும் சக்கரமும் உள்ள நடைவண்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கைப்பிடியை அவர் லேசாக முன்னால் சாய்கிற உயரத்தில் வையுங்கள். இருக்கையும் சேர்ந்த வண்டியாக இருந்தால் நடுவழியில் உட்காரவும் இடமாயிற்று. கைத்தடியை விட இது நல்லது. "வண்டி தள்ளிக்கொண்டு போனால் கிழவன் என்பார்கள்" என்று மறுப்பார், அதற்கு என்னிடமும் மருந்தில்லை.

நடந்தா நரம்பு இன்னும் கெட்டுப்போகுமா? நடக்காம இருக்கச் சொல்லட்டுமா?

கனம் வரும்வரை நடப்பதால் நரம்பு கெட்டதாக நான் பார்த்ததில்லை. நடக்காமல் இருந்தால் கெடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் நாற்காலியிலேயே இருந்தால் தொடைத் தசை வற்றிவிடும், பிறகு நரம்பு சரியானாலும் கால் தாங்காது. ஆனால் "பல்லைக் கடித்துக்கொண்டு நட" என்பதும் தவறு. கனம் முற்றிய பிறகும் இழுத்துக்கொண்டு நடப்பதில் பயன் இல்லை, கால் மடங்கி விழும் ஆபத்துதான் உண்டு. நடந்து, கனம் முற்றும் முன்பே உட்கார்ந்து, மறுபடி நடப்பதே வழி. எப்படி என்பதை அடுத்த பதிலில் ஒருவரை வைத்தே சொல்கிறேன்.

பயிற்சின்னு சொல்றீங்களே, எந்தப் பயிற்சி, எத்தனை நாள்? உண்மையிலேயே பலன் இருக்கா?

72 வயது அம்மா ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை. மகளோடு வந்தார். நடை நேரம் எடுத்தோம்: நான்காவது நிமிடம் இரண்டு கெண்டைக்காலிலும் கனம், ஆறாவது நிமிடம் உட்கார்ந்தே ஆக வேண்டும், உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் தெளிவு. பாத நாடி நன்றாக இருந்தது. ரிப்போர்ட்டில் எல்4-எல்5 சிவியர், எலும்பு கொஞ்சம் முன்னால் நழுவல். கால் பலம் குறையவில்லை.

முதலில் நடையை உடைத்தோம். நான்கு நிமிடத்தில் கனம் தொடங்குகிறது என்பதால் மூன்று நிமிடம் நடை, இரண்டு நிமிடம் உட்கார்தல், இப்படி ஐந்து சுற்று, நாளுக்கு இரண்டு வேளை. ஒரே மூச்சில் ஆறு நிமிடம் தாண்டாதவர், முதல் நாளே ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம் நடந்தார். கூடவே நிலையான சைக்கிள், கைப்பிடியில் முன்னால் சாய்ந்தபடி, பத்து நிமிடம். நடை தராத, இதயத்துக்கும் நுரையீரலுக்குமான பயிற்சியை அது தரும்.

படுக்கையில் மூன்று பயிற்சிகள். மல்லாந்து படுத்து முழங்காலை ஒவ்வொன்றாக, பிறகு இரண்டையும் மார்புக்குக் கட்டி இருபது நொடி. அடுத்து, முழங்கால் மடக்கியபடி வயிற்றை இறுக்கி இடுப்பின் குழிவைப் படுக்கையோடு அழுத்துவது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: கட்டில் விளிம்பில் படுத்து ஒரு முழங்காலைக் கட்டிக்கொண்டு மறுகாலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத் தொடையின் முன்பக்கம் இறுகிவிடும். எழுந்து நின்றதும் அது இடுப்பைப் பின்னோக்கி வளைத்துக் கால்வாயை இன்னும் நெருக்கும். அதைத் தளர்த்தினால் நிற்கும் நேரம் கூடும். குப்புறப் படுத்து மார்பைத் தூக்கும் பயிற்சி மட்டும் வேண்டாம் என்றேன். டிஸ்க் வலிக்கு அதைச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்ததென்று இவரும் ஒரு மாதம் செய்து மோசமாக்கிக்கொண்டிருந்தார்.

ஆறு வாரத்தில் நடை நேரம் ஆறிலிருந்து பதினொன்று. மூன்று மாதத்தில் பதினெட்டு. அதற்கு மேல் ஏறவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. பதினெட்டு நிமிடம் அவருக்குப் போதும், நூலகம் போய் வருவார். கால்வாய் அகலமாகிவிடவில்லை. இருக்கிற இடத்தை உடம்பு நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. எல்லோருக்கும் இப்படி ஏறும் என்று சொல்ல மாட்டேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண் நகரவில்லை என்றால் அடுத்த படியை யோசிக்க வேண்டியதுதான்.

பெல்ட் போட்டுக்கலாமா?

வெளியே போகும்போது, இரண்டு மூன்று மணி நேரம், பரவாயில்லை. போட்டிருக்கும்வரை நடை நேரம் சிலருக்குக் கூடுகிறது, கழற்றியதும் பழையபடிதான். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு அதை நம்பி இருக்க வேண்டாம். இடுப்பை நிமிர்த்திப் பிடிக்கிற மாதிரியான பெல்ட் என்றால் தொல்லை கூடும்.

மாத்திரை ஏதாவது இருக்கா?

கால்வாயை அகலப்படுத்தும் மாத்திரை இல்லை. முதுகு வலி கூடவே இருந்தால் வலி மாத்திரை கொஞ்ச நாளைக்கு உதவும். வீக்கம் குறைக்கிற வலி மாத்திரைகள் வயதானவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும், அதிலும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொந்தமாக வாங்கிப் போடவே கூடாது. நரம்புக்கென்று தருகிற கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லையில் ஆதாரம் பலவீனம். தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம் மட்டும் நிச்சயம். ஏற்கெனவே கால் தடுமாறுகிறவருக்குத் தலையும் சுற்றினால் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதில் போய் முடியும். போட்டு ஒரு மாதத்தில் நடை நேரம் மாறவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைப்பது நல்லது, சட்டென்று நிறுத்தக் கூடாது.

முதுகுல ஸ்டீராய்டு ஊசி போட்டா ஆபரேஷன் இல்லாமலே சரியாகும்னு சொல்றாங்களே?

சிலருக்குச் சில வாரங்கள் நிம்மதி கிடைக்கிறது, குறிப்பாக ஒரு பக்கக் காலில் சுரீரென்று வலி இருப்பவர்களுக்கு. நடந்தால் இரண்டு காலும் கனக்கிற இந்த வகைத் தொல்லைக்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 50 வயதுக்கு மேற்பட்ட 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டும், மறு பகுதிக்கு மரப்பு மருந்து மட்டும் போட்டார்கள். ஆறு வாரம் கழித்து இரு பகுதியினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் அளவு எகிறும், அதை எதிர்பார்த்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை ஊசி போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். முதுகுக்குள் ரத்தம் கசிந்து தேங்கினால் அது அவசர ஆபரேஷனில் போய் நிற்கும்.

ஆபரேஷன் எப்பதான் பண்ணணும்?

அவசர அறிகுறி இல்லாத வரை இதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளிதான், ஸ்கேன் அல்ல. இரண்டு கேள்விகள் கேட்பேன். பயிற்சியை உண்மையாகச் செய்தும் நடை நேரம் நகரவில்லையா? இப்போது இருக்கிற நடை நேரத்தோடு உங்களால் வாழ முடியாதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அறுவை மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. மேலே சொன்ன ஆசிரியையால் தன் நடை நேரத்தோடு வாழ முடிந்தது, அதனால் செய்துகொள்ளவில்லை. இன்னொருவர், 68 வயது, மூன்று நிமிடத்துக்கு மேல் போகவே இல்லை, நான்காம் மாதத்தில் பெருவிரலைத் தூக்கும் பலமும் குறையத் தொடங்கியது. அவரை அன்றைக்கே அனுப்பி வைத்தேன். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் மாதம் அரை மணி நேரம் நடந்தார்.

ஆபரேஷனில் செய்வது பின்பக்க எலும்புத் தகட்டையும் தடித்த நாரையும் தேவையான அளவு எடுத்து இடம் உண்டாக்குவது. 2015இல் வந்த ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்ட 169 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதிக்கு ஆபரேஷனும் மறு பகுதிக்குப் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து இரு பகுதியும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. ஆனால் பிசியோதெரபிப் பகுதியில் பாதிக்கும் மேலானோர் நடுவிலேயே ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். என் தொழிலுக்குச் சாதகமாக இதை அரைகுறையாகச் சொல்லிக்கொள்வோர் உண்டு. பயிற்சியை முதலில் முயன்றதால் நட்டம் எதுவுமில்லை என்பது மட்டும்தான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

ஸ்க்ரூ வச்சு எலும்பை இணைக்கணும்ங்கிறாங்க. கட்டாயமா?

பெரும்பாலோருக்கு இல்லை. 2016இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 50 முதல் 80 வயது வரையான 247 பேரில் பாதிக்கு இடம் மட்டும் உண்டாக்கினார்கள், மறுபாதிக்கு எலும்பையும் இணைத்தார்கள். இரண்டு வருடத்தில் பலன் ஒன்றுதான். லேசாக எலும்பு நழுவியிருந்தவர்களுக்கும் அப்படியே. இணைத்தவர்களுக்கு ஆபரேஷன் நேரமும் ரத்தப்போக்கும் ஆஸ்பத்திரி நாட்களும்தான் கூடின. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு வெகுவாக நகர்கிறது, முதுகு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்றால் நிலைமை வேறு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "எனக்கு எந்த எக்ஸ்ரேயைப் பார்த்து இணைக்கச் சொல்கிறீர்கள்?" பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. நல்லா நடக்கிறார், ஆனா பாதம் இன்னும் மரப்பா இருக்கு, முதுகும் வலிக்குது. தோல்வியா?

நடை நேரம் கூடியிருந்தால் தோல்வி இல்லை. இந்த ஆபரேஷன் காலுக்காகச் செய்வது. கனமும் கால் வலியும் முதலில் போகும், பலம் மெல்ல வரும், மரப்பு கடைசியில்தான், அதுவும் பல நாள் நசுங்கிய நரம்பில் முழுதாகப் போகாமலும் இருக்கலாம். தேய்ந்த மூட்டால் வருகிற முதுகு வலி அப்படியே இருக்கலாம். இதை முன்பே சொல்லாததால்தான் பாதி மனக்கசப்பு வருகிறது.

நன்றாக இருந்து, பிறகு மறுபடி நடை நேரம் குறைந்தால் அது வேறு விஷயம். அதே இடமோ அடுத்த அடுக்கோ குறுகியிருக்கலாம், காட்ட வேண்டும். முதல் சில வாரங்களில் காய்ச்சல், காயத்தில் நீர்க்கசிவு, எழுந்தால் மட்டும் வருகிற கடும் தலைவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

எப்ப நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்கக் கூடாது?

சிறுநீர் முட்டியிருந்தும் போக முடியவில்லை, அல்லது போவதே தெரியாமல் போகிறது. மலம் கட்டுப்படவில்லை. குதிரைமேல் உட்கார்ந்தால் சேணம் படுகிற இடம், அதாவது பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை, மரத்துவிட்டது. துடைக்கும்போது உணர்ச்சி தெரியவில்லை என்று வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். குதிரைவால் கொத்து முழுதும் நசுங்கினால் இப்படி வரும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தர நட்டமாகலாம், நேரே அவசர சிகிச்சைக்கு.

வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தாலும் சிறுநீர்த் தொல்லை இருக்கும் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. வருடக்கணக்கில் இருப்பது வேறு, இந்த வாரம் கால் தொல்லையோடு சேர்ந்து புதிதாக வந்தது வேறு. பாதம் தூக்க முடியாமல் தரையில் தட்டுவது, பலம் நாளுக்கு நாள் குறைவது ஆகியவையும் ஓரிரு நாட்களுக்குள் காட்ட வேண்டியவை. காய்ச்சலோ எடைக் குறைவோ புற்றுநோய் வரலாறோ இருந்து, படுத்தாலும் குறையாத வலி வந்தால் இதைக் குறுகல் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

கால் மட்டும் இல்ல, சட்டைப் பொத்தான் போடவும் கை தடுமாறுது. நடையே குடிச்ச மாதிரி இருக்கு. இதுவும் இடுப்புனாலயா?

இடுப்பு நரம்பு கைக்குப் போவதில்லை. இது கழுத்து. சிலருக்குக் கழுத்திலும் இடுப்பிலும் ஒரே சமயத்தில் குறுகல் இருக்கும். கழுத்தில் கால்வாய்க்குள் இருப்பது வேர்கள் மட்டுமல்ல, தண்டுவடமே. இரண்டாம் பதிலில் தந்த ஆறுதல் அங்கே செல்லாது.

வித்தியாசம் நுட்பமானது. இடுப்புக் குறுகலில் முதல் சில நிமிடம் நடை சரியாக இருக்கும், பிறகு கனக்கும், உட்கார்ந்தால் தெளியும். கழுத்தில் நசுங்கினால் எழுந்த முதல் அடியிலிருந்தே தள்ளாட்டம், கால் விறைப்பு. உட்கார்ந்தால் சரியாவதில்லை. கையெழுத்து மாறும், காசு எண்ணத் தடுமாறும். முழங்காலில் சுத்தியலால் தட்டினால் இடுப்புக் குறுகலில் கால் வழக்கம்போலவோ குறைவாகவோ துள்ளும், கழுத்துக் குறுகலில் அளவுக்கு மீறித் துள்ளும். இரண்டும் இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்து மருத்துவரையும் ஏமாற்றும்.

நான் மேலே சொன்ன பயிற்சிகளைத் தொடங்கும் முன் கழுத்து ஸ்கேன் எடுத்துவிட வேண்டிய ஒரே கூட்டம் இவர்கள்தான். இரண்டிடத்திலும் ஆபரேஷன் தேவை என்றாலும் வழக்கமாகக் கழுத்தைத்தான் முதலில் செய்வார்கள். இடுப்பு ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைக்கும்போது கழுத்தைத் திருப்புவதே ஏற்கெனவே நசுங்கிய தண்டுவடத்துக்கு ஆபத்து. ஆகவே இடுப்பு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தாலும், கை தடுமாறுவதை அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.